லிஃப்ட் மாடிகளுக்கு நடுவில் மூன்று முறை நின்றுவிட்டது: அறிக்கை எழுத உதவி வேண்டும்

பி_பிளாக்_செயலாளர்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் குடியிருப்பு தரைத்தளமும் 7 மாடிகளும் கொண்டது. லிஃப்ட் ஒன்றுதான். கயிற்றில் ஓடும் வகை, மெஷின் ரூம் மொட்டை மாடியில் இருக்கிறது. பலகையில் 8 பேர், 630 கிலோ, விநாடிக்கு 1 மீட்டர் என்று போட்டிருக்கிறது. வயது 11 ஆண்டுகள்.

கடந்த 5 வாரத்தில் 3 முறை ஆட்களோடு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. ஒவ்வொரு முறையும் சர்வீஸ்காரர்கள் வருகிறார்கள், பார்க்கிறார்கள், பதிவேட்டில் "சரிசெய்யப்பட்டது, லிஃப்ட் நன்றாக ஓடுகிறது" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். இந்த முறை எழுத்தில் ஓர் அறிக்கை கொடுத்து பதில் வாங்குவது என்று சங்கத்தில் முடிவாகியிருக்கிறது. எழுதும் பொறுப்பு என்னுடையது. இதுவரை எழுதியது இவ்வளவுதான்:

"முதல் முறை: காலை நேரம், உள்ளே 2 பேர். லிஃப்ட் நடுவில் நின்றது. காவலாளி 3-ஆம் தளக் கதவைத் திறந்து இருவரையும் கைகொடுத்து மேலே தூக்கினார். 12 நிமிடம் ஆனது.

இரண்டாம் முறை: மாலை, 3 பேர். குடியிருப்பவர் ஒருவர் மெஷின் ரூமுக்குப் போய் மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டார். லிஃப்ட் மெதுவாகக் கீழே போய்த் தானாகக் கதவு திறந்தது. 9 நிமிடம்.

மூன்றாம் முறை: ஞாயிறு, 4 பேர், அதில் ஒருவர் 70 வயதுக்கு மேல். சர்வீஸ் நிறுவனத்தின் 2 பேர் வந்து கையால் சக்கரத்தைச் சுற்றி 2-ஆம் தளத்துக்கு இறக்கினார்கள். 50 நிமிடம்.

பராமரிப்பு: மாதம் ஒரு முறை சர்வீஸ் நடந்திருக்கிறது. 3-ஆம் தளக் கதவின் பூட்டு காண்டாக்ட் இரண்டு முறை மாற்றப்பட்டது."

இதில் என்ன குறைகிறது? தொழில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மழைச்சாரல்

எங்கள் வீட்டிலும் இதே கதைதான் சார். கரண்ட் போனால் பக்கத்துத் தளத்துக்கு வந்து கதவு திறக்க ஏ.ஆர்.டி. என்று ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். அதன் பேட்டரி செத்துப்போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது, யாருக்குமே தெரியவில்லை. என் மாமியார் 40 நிமிடம் இருட்டில் உட்கார்ந்திருந்தார். பேட்டரியை மாற்றியதும் சரியாகிவிட்டது. உங்களுக்கும் பேட்டரிதான். முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

---

வயர்மேன்

காண்டாக்ட் மாற்றியும் நிற்கிறது என்றால் காண்டாக்ட்டை மட்டும் மாற்றியிருப்பார்கள், பூட்டை முழுதாக மாற்றியிருக்க மாட்டார்கள். ஓடுகிற லிஃப்ட் நடுவில் நின்றால் முதலில் கதவைத்தான் பார்க்க வேண்டும். எல்லாத் தளத்துப் பூட்டும் ஒரே வயரில் வரிசையாகக் கோத்திருக்கும். ஏதாவது ஒன்று கண்ணிமைக்கும் நேரம் விட்டாலும் லிஃப்ட் நின்றுவிடும். பூட்டு செட்டையே மாற்றச் சொல்லுங்கள், அறிக்கையில் அதை எழுதினால் போதும்.

---

மெஷின்ரூம்

26 வருடம் லிஃப்ட் சர்வீஸில் இருந்தேன், இப்போது ஓய்வு. செயலாளர் தம்பி, நேரத்தையும் ஆட்களின் எண்ணிக்கையையும் குறித்து வைத்திருக்கிறீர்கள், அது நல்லது. ஆனால் கோளாறைக் கண்டுபிடிக்கப் போகிறவனுக்கு முதலில் வேண்டியது இதில் இல்லை. "நடுவில் நின்றது" என்றால் எங்கே? எந்தத் தளத்துக்கு எத்தனை சென்டிமீட்டர் மேலே, அல்லது கீழே? ஏறும்போதா, இறங்கும்போதா? மூன்று முறையும் ஒரே இடமா?

லிஃப்ட் நின்ற இடம்தான் சாட்சி. சக்கரத்தைச் சுற்றியோ மெயினை அணைத்துப் போட்டோ நகர்த்திவிட்டால் அந்தச் சாட்சி போய்விடும். மின்சாரத்தாலோ மோட்டாரை ஓட்டும் டிரைவாலோ வருகிற கோளாறு எங்கே வேண்டுமானாலும் நிறுத்தும், அதற்கு இடம் கிடையாது. கதவுப் பூட்டோ தண்டவாளமோ உரசுகிற கோளாறு திரும்பத் திரும்ப ஒரே இடத்தில்தான் நிறுத்தும்.

மழைச்சாரல் அம்மா, உங்கள் வீட்டில் நடந்தது வேறு. ஏ.ஆர்.டி. கரண்ட் போனால்தான் வேலைக்கு வரும். கதவுப் பூட்டு சர்க்யூட் அறுந்து நின்றிருந்தால் பேட்டரி புதிதாக இருந்தாலும் அது லிஃப்டை நகர்த்தாது, நகர்த்தவும் கூடாது. தம்பி, நின்றபோது உள்ளே விளக்கும் ஃபேனும் ஓடினவா? அந்த ஒரு பதிலிலேயே இது தெரிந்துவிடும்.

அப்புறம், கன்ட்ரோலரின் சின்னத் திரையில் பழைய கோளாறுகள் பதிவாகியிருக்கும். சர்வீஸ்காரரை நிறுத்தி வைத்து அதைப் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள். நீங்களாகப் பெட்டியைத் திறக்க வேண்டாம்.

---

பி_பிளாக்_செயலாளர்

நன்றி ஐயா. மூன்று முறையும் விளக்கு, ஃபேன் இரண்டும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. மூன்று முறையும் இறங்கும்போதுதான் நின்றது. இது எனக்கே இப்போது கேட்டபிறகுதான் தெரிந்தது.

இடத்தைப் பொறுத்தவரை, முதல் சம்பவத்தில் கதவைத் திறந்ததை 3-ஆம் தளக் கேமரா பிடித்திருக்கிறது. கேபின் தரை, தளத்தின் தரையை விடக் கீழே இருக்கிறது. கதவுச் சட்டத்தில் இருக்கும் ஒரு ஸ்டிக்கரின் உயரத்தை அளந்து படத்தோடு ஒப்பிட்டேன். சுமார் 45 செ.மீ. வருகிறது. மூன்றாம் முறை உள்ளே இருந்தவரை இங்கே எழுதச் சொல்லியிருக்கிறேன், அவர் 6-ஆம் தளத்தில் இருக்கிறார்.

இன்று சர்வீஸ்காரர் வந்தபோது திரையைப் போட்டோ எடுத்தேன். படம் ஏறவில்லை, அதனால் அப்படியே தட்டச்சு செய்கிறேன்:

```
E41  FLR 3  DN  08:14
E41  FLR 3  DN  18:52
E41  FLR 3  DN  02:37
E41  FLR 3  DN  11:20
```

E41 என்றால் அவர்கள் புத்தகத்தில் "ஓட்டத்தின்போது கதவுப் பூட்டு திறப்பு" என்று இருக்கிறது. 08:14, 18:52, 11:20 மூன்றும் நம் சம்பவங்கள். 02:37 எது என்று புரியவில்லை. அந்த நேரத்தில் யாரும் மாட்டிக்கொண்டதாகப் புகார் இல்லை.

---

ஆறாவது_தளம்

நான் மூன்றாவது தடவை உள்ளே இருந்தேன். செயலாளர் கேட்டதால் எழுதுகிறேன்.

6-இல் ஏறினேன். 5-இல் ஒரு தம்பதியும் அந்த அம்மாவின் தாயாரும் ஏறினார்கள். 3-ஐத் தாண்டும்போது "கிறீச்" என்று ஒரு உரசல், உடனே "டக்", அப்படியே நின்றுவிட்டது. கால் மடங்கும் அளவுக்கு ஒரு குலுக்கல். அந்த உரசல் எனக்குப் புதிதில்லை. மூன்று நான்கு வாரமாகவே 3-ஆம் தளத்தைக் கடக்கும்போது கதவுக்கு மேல் பக்கம், இடது ஓரத்தில், சாவியைத் தகரத்தில் இழுத்த மாதிரி ஒரு சத்தம் கேட்கும். லிஃப்ட் நிற்காது என்பதால் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

அவசர மணியை அழுத்தினோம். அது காவலாளி அறையில் அடிக்கும், ஆனால் அவர் அப்போது பின் கேட்டில் இருந்தார். கைபேசியில் சிக்னல் ஒரு கோடுதான். செயலாளருக்கு அழைப்பு போக 6 நிமிடம் ஆனது. காவலாளி வந்து 3-ஆம் தளக் கதவை ஒரு சாண் திறந்தார். வெளித் தரை என் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. ஏறிவிடலாம் போலத்தான் இருந்தது. ஆனால் சர்வீஸ்காரர் போனில் "யாரும் ஏறக் கூடாது, கதவை மூடுங்கள்" என்று கத்தினார். அந்தப் பாட்டி பயந்துபோய் மூச்சு முட்டுகிறது என்றார். காற்று வரும் இடைவெளி இருக்கிறது, மூச்சுக்குப் பஞ்சமில்லை என்று சொல்லிச் சொல்லி அவரைத் தரையில் உட்கார வைத்தோம்.

ஆட்கள் வந்ததும் மெஷின் ரூமிலிருந்து ஒருவர் இன்டர்காமில் பேசினார். "கதவுப் பக்கம் வராதீர்கள், விட்டு விட்டு நகரும், பயப்படாதீர்கள்" என்றார். அப்படி அவர் சொன்ன பிறகுதான் பாட்டியின் கை நடுக்கம் நின்றது.

---

மெஷின்ரூம்

அம்மா, நீங்கள் எழுதியதில் பாதிப் பதில் இருக்கிறது. விளக்கமாகச் சொல்கிறேன்.

கேபின் கதவின் மேல் பகுதியில் நெட்டுக்குத்தாக ஒரு தகடு இருக்கும், நாங்கள் கேம் என்போம். லிஃப்ட் ஒரு தளத்தில் நிற்கும்போது அந்தத் தகடுதான் தளக் கதவுப் பூட்டின் ரோலரைத் தள்ளிப் பூட்டைத் திறக்கும். நிற்காமல் கடந்து போகும்போது தகடு ரோலரைத் தொடவே கூடாது. இரண்டுக்கும் நடுவில் சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டுத்தான் பொருத்துவோம். அந்த இடைவெளி போய்விட்டால், கடக்கும்போது தகடு ரோலரை இடிக்கும், பூட்டு ஒரு நொடி அசையும், காண்டாக்ட் விடும். சர்க்யூட் அறுந்ததும் மோட்டார் கரண்ட் போய் பிரேக் விழும். அந்தக் "கிறீச்" ரோலரை உரசிய சத்தம், "டக்" பிரேக் விழுந்த சத்தம்.

இப்போது 45 சென்டிமீட்டரைப் பாருங்கள். தகட்டின் கீழ் முனை ரோலரைத் தொடும்போது கேபின் தரை 3-ஆம் தளத்துக்கு 20, 25 செ.மீ. மேலே இருக்கும். விநாடிக்கு 1 மீட்டரில் போகிற லிஃப்ட் பிரேக் விழுந்ததும் அந்த இடத்திலேயே நிற்காது, அரை மீட்டர், அதற்குக் கொஞ்சம் கூடவும் ஓடித்தான் நிற்கும். கூட்டிக் கழித்தால் தளத்துக்குக் கீழே 30 முதல் 50 செ.மீ. வரும். உங்கள் கேமரா காட்டுவது அதே கணக்கு. அதனால் பிரச்சினை 3-ஆம் தளப் பூட்டு இருக்கும் இடத்தில் இருக்கிறது. ஆனால் பூட்டுக்குள்ளே இருக்கிறது என்று நான் நம்பவில்லை. இரண்டு முறை காண்டாக்ட் மாற்றியும் கோளாறு தீரவில்லையே.

02:37 பற்றிக் காவலாளியிடம் கேளுங்கள். மறுநாள் காலையில் லிஃப்ட் வேலை செய்யாமல் இருந்ததா, யாராவது மெயினை அணைத்துப் போட்டார்களா?

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். சர்வீஸ்காரர்கள் சக்கரத்தை ஏன் கீழ்ப் பக்கம் சுற்றினார்கள்? 3-ஆம் தளம் 45 செ.மீ. தூரத்தில் இருக்க, இரண்டரை மீட்டர் கீழே ஏன் இறக்க வேண்டும்?

---

வயர்மேன்

ஐயா சொல்வதும் கதவுதானே, நான் சொன்னதும் கதவுதான். சரி, பூட்டு இருக்கும் இடம் என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு விஷயம் எனக்குப் புரியவில்லை. அந்தச் சர்வீஸ்காரர் ஏன் ஏற விடவில்லை? தளக் கதவு திறந்திருந்தால் சர்க்யூட் அறுந்திருக்கும், லிஃப்ட் நகரவே நகராது. 45 செ.மீ. ஒரு நாற்காலி உயரம். ஒரு நிமிடத்தில் எல்லோரும் வெளியே வந்திருப்பார்கள். மெயினை அணைக்கக்கூடத் தேவையில்லை. பாட்டியை 50 நிமிடம் உட்கார வைத்ததுதான் தவறு.

---

மெஷின்ரூம்

வயர்மேன் தம்பி, கதவு திறந்தால் சர்க்யூட் அறும் என்பது உண்மை. ஆனால் இங்கே சந்தேகப்படுவதே அந்த சர்க்யூட்டைத்தான். கோளாறு தேடும்போது யாராவது ஒரு வயர் துண்டால் காண்டாக்ட்டை இணைத்துவிட்டு எடுக்க மறந்திருந்தால் கதவு திறந்திருந்தும் லிஃப்ட் ஓடும். இரண்டு முறை காண்டாக்ட் மாற்றிய இடத்தில் அப்படி ஒரு துண்டு வயர் இல்லை என்று காவலாளிக்கு எப்படித் தெரியும்? இன்னொன்று, சர்க்யூட் அறுந்தால் மோட்டார்தான் ஓடாது. கேபினைப் பிடித்து வைத்திருப்பது பிரேக். ஒருவர் பாதி உடம்பு வெளியே, பாதி உள்ளே இருக்கும்போது கேபின் ஒரு முழம் நகர்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். நான் அப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறேன், இங்கே எழுத மனம் வரவில்லை.

கேபின் தளத்துக்கு மேலே நின்றிருந்தால் இன்னும் மோசம். குதித்து இறங்குகிறவர் பின்னால் சறுக்கினால், கேபினுக்கு அடியில் இருக்கும் இடைவெளி வழியாக நேராகக் குழிக்குப் போவார். அந்த இடைவெளியை மறைக்கத்தான் கேபின் தரைக்குக் கீழே தகடு தொங்கும். கேபின் அதையும் தாண்டி உயரே நின்றால் அது உதவாது.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த வரிசை இது. முதலில் மெயினை அணைத்துப் பூட்டு. உள்ளே இருப்பவர்களிடம் பேசு, என்ன செய்யப் போகிறாய் என்று சொல். எல்லாத் தளக் கதவும் மூடியிருக்கிறதா என்று பார். அதன் பிறகு இருவராக, ஒருவர் பிரேக் லீவர், ஒருவர் சக்கரம். லீவரைத் தொடர்ந்து அழுத்திப் பிடிக்காதே, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிடி. கயிற்றில் தளத்துக்கான பெயின்ட் குறி வந்ததும் லீவரை விடு, பிரேக் பிடித்துக்கொள்ளும். கேபின் தரை தளத்தோடு கிட்டத்தட்டச் சமமான பிறகுதான் தளக் கதவை வெளியிலிருந்து திறக்கும் முக்கோணச் சாவி. அந்த ஞாயிற்றுக்கிழமை பையன்கள் செய்தது சரி. 50 நிமிடத்தில் அவர்கள் வந்து சேர எவ்வளவு, சுற்றியது எவ்வளவு என்று பிரித்து எழுதுங்கள். சுற்றியது 10 நிமிடத்துக்கு மேல் இருக்காது.

---

பி_பிளாக்_செயலாளர்

ஐயா, மூன்றுக்கும் பதில் கிடைத்தது.

அழைத்ததிலிருந்து அவர்கள் வந்து சேர 38 நிமிடம். மெஷின் ரூமில் வேலை 8 நிமிடம்.

02:37 உண்மைதான். அன்று அதிகாலை பால் போடுகிறவர் லிஃப்ட் வரவில்லை என்று சொல்ல, காவலாளி மேலே போய் மெயினை அணைத்துப் போட்டிருக்கிறார். ஓடியதால் யாரிடமும் சொல்லவில்லை. இரவில் யாரோ 7-க்குப் போயிருக்கிறார்கள். சற்று நேரம் அழைப்பு இல்லாவிட்டால் லிஃப்ட் தானாகத் தரைத்தளத்துக்கு வந்துவிடும், அப்படி வரும்போது நின்றிருக்கிறது. கேமராவில் பார்த்தேன், கேபினில் யாரும் இல்லை.

சக்கரம் பற்றிச் சர்வீஸ்காரரைக் கேட்டேன். "மேலே சுற்றிப் பார்த்தோம் சார், கனமாக இருந்தது, நகரவில்லை. கீழே இலகுவாகச் சுற்றியது, அதனால் இறக்கினோம்" என்றார்.

---

மெஷின்ரூம்

தம்பி, கேபின் உள்ளே சமீபத்தில் ஏதாவது வேலை செய்தீர்களா? தரை, சுவர், கண்ணாடி, எதுவானாலும்.

---

பி_பிளாக்_செயலாளர்

ஆமாம், 4 மாதம் முன்னால். பழைய வினைல் கிழிந்திருந்ததால் கிரானைட் பதித்தோம். பின் சுவரில் பாதியும் இடது பக்கச் சுவரிலும் பெரிய கண்ணாடி, அதன் கீழே ஸ்டீல் கைப்பிடி. கேபின் உள் அலங்காரம் செய்கிறவர் வந்து இரண்டு நாளில் முடித்தார். லிஃப்ட் நிறுவனத்திடம் கேட்கவில்லை. அழகு வேலைதானே என்று நினைத்தோம். இதற்கும் நிற்பதற்கும் தொடர்பு உண்டா?

---

மெஷின்ரூம்

உண்டு என்றுதான் நினைக்கிறேன். சக்கரம் மேலே சுற்றவில்லை என்று நீங்கள் சொன்னபோதே சந்தேகம் வந்தது.

கயிற்றின் ஒரு முனையில் கேபின், மறு முனையில் எதிர் எடை. எதிர் எடையைக் கேபின் எடையும் முழுச் சுமையில் ஏறக்குறைய பாதியும் சேர்ந்த அளவுக்கு வைப்பார்கள். 630-இல் பாதி 315. அதாவது உள்ளே 315 கிலோ இருந்தால் இரு பக்கமும் சமம். அதற்குக் குறைவாக இருந்தால் கேபின் மேலே போகப் பார்க்கும், கூடினால் கீழே இறங்கப் பார்க்கும். ஞாயிற்றுக்கிழமை உள்ளே 4 பேர், ஒரு 270 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் மேல் பக்கம்தான் இலகுவாகச் சுற்றியிருக்க வேண்டும். நேர்மாறாக நடந்தது என்றால் கேபினின் எடை கூடியிருக்கிறது.

இந்த அளவு லிஃப்டில் தரை பெரும்பாலும் 1.1 மீட்டருக்கு 1.4 மீட்டர் இருக்கும். 18 மில்லிமீட்டர் கிரானைட் போட்டால் அதுவே 75 கிலோ. கண்ணாடியும் கைப்பிடியும் சேர்த்து 30, 35. மொத்தம் 100 கிலோவுக்கு மேல். சமநிலை 315-லிருந்து 210 பக்கம் இறங்கிவிட்டது. 270 கிலோ ஆட்கள் இருந்தபோது கீழே இறங்கப் பார்த்தது இதனால்தான்.

ஆனால் மொத்த எடை மட்டும் பூட்டை உரசாது. கிரானைட் தரை முழுக்கப் பரவியிருக்கிறது, அது கேபினைச் சாய்க்காது. கண்ணாடி இடது பக்கம் கூடுதலாகத் தொங்குகிறது. கேபின் இடது பக்கம் சாய்ந்து கைடு ரெயிலில் அழுத்திக்கொண்டே ஓடும். ரெயிலைப் பிடித்து ஓடும் ஷூவுக்குள் இருக்கும் லைனர் என்ற துண்டு 4 மாதமாக ஒரே பக்கம் தேய்ந்திருக்கும். தேயத் தேயக் கேபின் இன்னும் நகரும், கேம் தகடும் கூடவே நகரும். ஆள் இல்லாமல் 02:37-க்கு நின்றது இதற்குச் சாட்சி. ஆட்கள் ஓரமாக நின்றதால் சாய்ந்தது என்று யாரும் சொல்ல முடியாது, காலியாகவே சாய்ந்துதான் இருக்கிறது.

அறிக்கையில் பாகத்தை மாற்றச் சொல்லி எழுதாதீர்கள். அளவு கேளுங்கள். எல்லாத் தளத்திலும் கேம் தகட்டுக்கும் ரோலருக்கும் எவ்வளவு இடைவெளி, நான்கு ஷூ லைனரும் எந்தப் பக்கம் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன, பாதிச் சுமை வைத்தால் ஏறும்போதும் இறங்கும்போதும் மோட்டார் கரண்ட் எவ்வளவு. கடைசியாகச் சொன்னதில்தான் எதிர் எடை சரியா என்று தெரியும், இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும்.

---

புதுக்கை

நான் 2 வருடமாக லிஃப்ட் சர்வீஸில் இருக்கிறேன். ஐயா சொல்வது பொருந்தி வருகிறது. ஆனால் பதிவேட்டில் "சரிசெய்யப்பட்டது" என்று எழுதுகிறவர்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு 7, 8 லிஃப்ட் பார்க்கச் சொல்வார்கள். போய்ச் சேரும்போது லிஃப்ட் ஓடிக்கொண்டிருக்கும், ஏனென்றால் யாரோ ஏற்கெனவே மெயினை அணைத்துப் போட்டிருப்பார்கள். E41 என்று இருந்தால் 3-ஆம் தளக் காண்டாக்ட்டை மாற்றிவிட்டு வருவதைத் தவிர என்ன செய்ய முடியும்? "கிரானைட் போட்டோம், 3-ஐத் தாண்டும்போது உரசல் கேட்கிறது" என்று ஒரு வரி யாராவது சொல்லியிருந்தால் அன்றே கேபின் மேல் ஏறிப் பார்த்திருப்போம்.

முக்கோணச் சாவி காவலாளியிடம் இருக்கவே கூடாது என்பது என் கருத்து. சாவி இருந்தால் திறக்கத்தான் கை போகும்.

---

ஆறாவது_தளம்

சாவி விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை தம்பி. வருகிறவர்கள் வந்து சேர 38 நிமிடம் ஆகிறது. உள்ளே ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால்? சாவி கட்டிடத்தில் இருக்க வேண்டும். மெயினை அணைக்க, பேச, சமமாக இருந்தால் மட்டும் திறக்கப் பயிற்சி பெற்ற இருவர் இங்கேயே இருக்க வேண்டும். மற்றபடி 45 செ.மீ. கீழே நின்றால் தொடக் கூடாது என்பதை நான் ஏற்கிறேன்.

---

மெஷின்ரூம்

இதில் எனக்கே இரு மனம். சாவியைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டி, பயிற்சி பெற்றவர் பெயரை அதன்மேல் எழுதி வைத்த கட்டிடங்களைப் பார்த்திருக்கிறேன், ஒழுங்காக நடந்தது. அதே பெட்டியின் கண்ணாடி உடைந்து சாவி காவலாளி இடுப்பில் தொங்கியதையும் பார்த்திருக்கிறேன். உங்கள் கட்டிடத்தில் யார் எப்படிப்பட்டவர் என்று உங்களுக்குத்தான் தெரியும். தீயணைப்பு நிலையத்துக்கு எத்தனை நிமிடத் தூரம் என்பதையும் சேர்த்து யோசியுங்கள், நெஞ்சுவலி என்றால் முதல் அழைப்பு அங்கேதான் போக வேண்டும்.

---

பி_பிளாக்_செயலாளர்

அறிக்கை கொடுத்து 6 நாளில் நிறுவனத்தின் மேற்பார்வையாளரே வந்தார். நானும் மெஷின் ரூம் வாசல்வரை கூட இருந்தேன். கண்டதை எழுதுகிறேன்.

கேபின் மேல் நின்று மிக மெதுவான வேகத்தில் ஒவ்வொரு தளமாகக் கடந்து அளந்தார்கள். மற்றத் தளங்களில் தகட்டுக்கும் ரோலருக்கும் இடைவெளி 6 முதல் 8 மி.மீ. இருந்தது. 3-இல் 2 மி.மீ. கூட இல்லை. தகட்டின் ஓரத்தில் விரல் நீளத்துக்குப் பெயின்ட் போய், வெள்ளிக் கம்பி மாதிரி பளபளவென்று ஒரு கோடு. 3-ஆம் தள ரோலரின் ரப்பரில் ஒரு பக்கம் கத்தியால் செதுக்கியது போலத் தேய்ந்திருந்தது. வேறு எந்தத் தளத்து ரோலரிலும் அது இல்லை. இடது பக்க மேல் ஷூவின் லைனரைக் கழற்றிக் கையில் கொடுத்தார்கள். ஒரு பக்கம் புதிது போல இருக்கிறது, மறு பக்கம் பாதிகூட இல்லை.

3-இல் மட்டும் ஏன் என்று கேட்டேன். அந்தத் தளத்துக் கதவுச் சட்டம் பொருத்தியபோதே மற்றவற்றை விடச் சில மி.மீ. உள்ளே வந்திருக்கிறது, 11 வருடமாக அந்த இடைவெளியில் ஓடிவிட்டது என்றார். லைனர் நான்கையும் மாற்றினார்கள், 3-ஆம் தளப் பூட்டை நகர்த்திப் பொருத்தினார்கள், இப்போது இடைவெளி 7 மி.மீ. இடது கண்ணாடியைக் கழற்றிவிட்டோம். மெயினைப் போடுவதற்கு முன்னால் 8 தளங்களிலும் கதவைக் கையால் இழுத்துப் பார்த்துப் பூட்டியிருக்கிறதா என்று உறுதிசெய்தார்கள். துண்டு வயர் எதுவும் இல்லை என்று கன்ட்ரோலரிலும் சரிபார்த்து எழுதிக் கொடுத்தார்கள்.

பாதிச் சுமை சோதனைக்கு எடைக் கற்கள் கொண்டுவர அடுத்த வாரம் வருகிறார்கள். கரண்ட் அளவில் வித்தியாசம் இருந்தால் எதிர் எடை சேர்க்க வேண்டும், அல்லது கிரானைட்டை எடுக்க வேண்டும். அந்தச் செலவு யாருடையது என்பதில் இன்னும் பேச்சு முடியவில்லை. கேட்காமல் வேலை செய்தது நாங்கள், அதை நான் மறைக்கவில்லை, அறிக்கையிலும் எழுதிவிட்டேன். ஆனால் 4 மாதச் சர்வீஸில் லைனரை ஒரு முறைகூடப் பார்க்கவில்லையே என்று சங்கத்தினர் கேட்கிறார்கள்.

முதல் சம்பவத்தைத் திருத்தி எழுதியதைக் கீழே தருகிறேன், சரியா ஐயா?

"காலை 08:14. 5-ஆம் தளத்திலிருந்து தரைத்தளத்துக்கு இறங்கும்போது, உள்ளே 2 பேர். 3-ஆம் தளத்தைக் கடந்து, கேபின் தரை தளத்தரைக்குச் சுமார் 45 செ.மீ. கீழே நின்றது, அளவு கேமராப் பதிவிலிருந்து எடுத்தது. விளக்கும் ஃபேனும் ஓடின. கன்ட்ரோலர் பதிவு E41, FLR 3, DN. மெயின் அணைக்கப்படவில்லை. காவலாளி முக்கோணச் சாவியால் 3-ஆம் தளக் கதவைத் திறந்து இருவரையும் மேலே தூக்கினார். இது முறையான மீட்பு அல்ல. காயம் இல்லை. பிறகு மெயின் அணைத்துப் போடப்பட்டு லிஃப்ட் மீண்டும் ஓடியது. அதற்கு முன் யாரும் பரிசோதிக்கவில்லை. 4 மாதம் முன்பு கேபினில் கிரானைட்டும் கண்ணாடியும் சேர்க்கப்பட்டன, நிறுவனத்துக்குத் தெரிவிக்கப்படவில்லை."

---

மெஷின்ரூம்

சரியாக இருக்கிறது தம்பி. "யாரும் பரிசோதிக்கவில்லை" என்பதை எழுதத் துணிவு வேண்டும், எழுதிவிட்டீர்கள். உரசல் சத்தம் எத்தனை வாரமாகக் கேட்டது என்பதையும் 6-ஆம் தளத்து அம்மா சொன்னபடி சேர்த்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் புரியவில்லை. இடைவெளி 2 மி.மீ. என்றால் ஏறும்போதும் உரசியிருக்க வேண்டும். நான்கு முறையும் இறங்கும்போதே ஏன்? தகட்டின் கீழ் முனை லேசாக வளைந்திருக்கலாம் என்பது என் ஊகம். அடுத்த வாரம் வரும்போது தகட்டின் ஓரத்தில் ஒரு நேர் அளவுகோலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வளைந்திருந்தால் லைனர் புதிதாக இருந்தாலும் திரும்பத் தொடும்.

---

வயர்மேன்

செயலாளர் சார், அளவுகோல் வைத்துப் பார்த்ததும் இங்கே எழுதுங்கள். என் கட்டிடத்திலும் 5-ஆம் தளத்தில் இதே மாதிரி ஒரு சத்தம் வருகிறது. நான் இரண்டு காண்டாக்ட் மாற்றியாயிற்று. நாளை ஷூவைப் பார்க்கச் சொல்லி நிறுவனத்துக்கு எழுதப் போகிறேன்.